விக்ஸ் 24, ரியலைஸ்டு 10: அந்த இடைவெளி யாருடையது?

"அண்ணா, நிஃப்டியில் ஆப்ஷன் விற்கிறேன். தினமும் இந்தியா விக்ஸிலிருந்து கடந்த 20 நாள் ரியலைஸ்டு வோலட்டிலிட்டியைக் கழித்து எக்செல்லில் குறித்து வைப்பேன். 4 புள்ளிக்கு மேல் இருந்தால் ஸ்ட்ராடில் விற்பேன். முக்கால்வாசி நாள் வித்தியாசம் பிளஸ்ஸில்தான் இருக்கிறது. அப்படியானால் விற்பவனுக்கு நிஜமாகவே எட்ஜ் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எட்ஜ் இருக்கிறது. ஆனால் உங்கள் ஷீட் அளப்பது அதை அல்ல.

விக்ஸ் என்பது நிஃப்டியின் அடுத்த 30 நாள் ஏற்ற இறக்கத்துக்குச் சந்தை கேட்கும் விலை. நீங்கள் அதிலிருந்து கழிப்பது கடந்த 20 நாளில் நடந்து முடிந்ததை. நீங்கள் விற்கும் ஸ்ட்ராடிலுக்கும் போன மாதத்து ஏற்ற இறக்கத்துக்கும் எந்தக் கணக்கு வழக்கும் இல்லை. இன்று வாங்கிய பிரீமியத்துக்கு எதிராகச் செலவாகப் போவது நாளையிலிருந்து நடக்கப் போகும் அசைவுதான். ஆகவே ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பான இன்றைய இம்ப்ளைடை, அடுத்து வரும் நாட்களில் உண்மையில் நடந்த ரியலைஸ்டோடு ஒப்பிட வேண்டும். அது இன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பலரும் வசதியாக இருக்கிறது என்று பின்னால் உள்ள எண்ணை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு 2024 தேர்தல் முடிவு வாரத்தை எடுத்துக்கொள்வோம். நிஃப்டி குளோஸிங் விலைகள் இவை: மே 31 அன்று 22,530.70, ஜூன் 3 அன்று 23,263.90, ஜூன் 4 அன்று 21,884.50, ஜூன் 5 அன்று 22,620.35, ஜூன் 6 அன்று 22,821.40, ஜூன் 7 அன்று 23,290.15.

மே 31 மாலை உங்கள் ஷீட்டைத் திறந்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? இந்தியா விக்ஸ் 24-ஐத் தாண்டி நின்றது. மே மாதத்து நிஃப்டியின் ரியலைஸ்டு 10-ஐ ஒட்டித்தான். வித்தியாசம் 14 புள்ளி. உங்கள் விதி 4 கேட்கிறது, இங்கே மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விற்கச் சொல்லியிருக்கும். அடுத்த நாள் சனிக்கிழமை எக்ஸிட் போல் வந்தது. திங்கள் 3.25 சதவீதம் ஏற்றம், செவ்வாய் வாக்கு எண்ணிக்கையில் 5.93 சதவீதம் இறக்கம், புதன் திரும்ப 3.36 சதவீதம் ஏற்றம். ஜூலை 1 வரையான 20 வர்த்தக நாட்களுக்குக் கணக்குப் போட்டால் ரியலைஸ்டு 29-ஐ நெருங்குகிறது. அதாவது, 24-க்கு விற்றதற்கு 29 செலவு. ஷீட் 14 புள்ளி லாபம் என்றது, நிஜத்தில் 4 புள்ளிக்கு மேல் நஷ்டம்.

இப்போது ஒரு வாரம் தள்ளிப் பாருங்கள். ஜூன் 7 மாலை விக்ஸ் 17-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. முந்தைய ஐந்து நாள் ரியலைஸ்டு 57. இருபது நாள் சராசரி எடுத்தாலும் அந்த வாரம் உள்ளே உட்கார்ந்திருப்பதால் எண் விக்ஸை விட மேலேதான் நிற்கும். ஷீட் "ஆப்ஷன் மலிவு, விற்காதே" என்றிருக்கும். அன்றிலிருந்து ஜூலை 1 வரை சந்தை எப்படி நகர்ந்தது தெரியுமா? ஒரு நாள்கூட ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. ரியலைஸ்டு 6-க்கும் 7-க்கும் நடுவில். 17-க்கு விற்றால் 7 மட்டுமே செலவாகும் காலம் அது, விற்பவனுக்கு அல்வா. எட்ஜ் இருந்த இடத்தில் ஷீட் இல்லை என்றது, இல்லாத இடத்தில் இருக்கிறது என்றது. காரணம் எளிது. தேர்தல் முடிவு எந்தத் தேதி என்று ஆப்ஷன் சந்தைக்குத் தெரியும், கடந்த 20 நாள் விலைக்குத் தெரியாது.

சரி, ஷீட்டை எப்படித் திருத்துவது? B பத்தியில் குளோஸிங், C-யில் தினசரி லாக் மாற்றம், D-யில் விக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
C3: =LN(B3/B2)
E2: =100*SQRT(252*SUMSQ(C3:C23)/21)
F2: =D2-E2
G2: =D2^2-E2^2
```

E2-வில் கவனிக்க வேண்டியது, இரண்டாம் வரிசையின் விக்ஸுக்கு எதிரே மூன்றாம் வரிசையிலிருந்து இருபத்து மூன்றாம் வரிசை வரையான மாற்றங்கள் வருகின்றன. விக்ஸின் 30 நாள் காலண்டர் நாள். அது ஏறக்குறைய 21 வர்த்தக நாள். STDEV போடாமல் SUMSQ போட்டதற்கும் காரணம் உண்டு. ஒரு மாதம் முழுக்க சந்தை தினமும் அரை சதவீதம் ஏறிக்கொண்டே போனால் STDEV அதைச் சராசரி என்று கழித்துவிட்டு வோலட்டிலிட்டி பூஜ்யம் என்று சொல்லும். கால் விற்றவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். கடைசி 21 வரிசைகளில் E, F, G மூன்றையும் காலியாகவே விட்டுவிடுங்கள், ஃபார்முலாவை அங்கே இழுக்கவோ வேறு எதையாவது போட்டு நிரப்பவோ வேண்டாம்.

இதைச் செய்த பிறகும் F பத்தி பெரும்பாலான மாதங்களில் பிளஸ்ஸில்தான் இருக்கும். இண்டெக்ஸ் ஆப்ஷனில் இம்ப்ளைடு சராசரியாக ரியலைஸ்டை விட உயரமாக நிற்பது பல நாட்டுச் சந்தைகளிலும் பார்த்த விஷயம். விழுந்தால் காப்பு வேண்டும் என்று புட் வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் விற்பது அட் த மணி ஸ்ட்ராடில். விக்ஸ் அதன் விலை அல்ல. விக்ஸ் கணக்கில் தூரத்து ஸ்ட்ரைக்குகளும் சேர்கின்றன, கீழே இருக்கும் புட்களின் இம்ப்ளைடு பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் விக்ஸும் அட் த மணி இம்ப்ளைடை விட மேலே நிற்கிறது. நீங்கள் 12-க்கு விற்ற பொருளுக்கு 14 வாங்கினதாக எழுதிக்கொண்டால், அந்த 2 புள்ளி பேப்பரில் மட்டும் உள்ள லாபம். ஆகவே D பத்தியில் விக்ஸை எடுத்துவிட்டு, நீங்கள் உண்மையில் விற்கும் எக்ஸ்பைரியின் அட் த மணி இம்ப்ளைடைப் போடுங்கள். E-யின் நாட்களும் அந்த எக்ஸ்பைரி வரைதான் இருக்க வேண்டும். வார ஆப்ஷனை 21 நாளோடு ஒப்பிடக் கூடாது.

இனிதான் முக்கியமான இடம். மேலே சொன்னபடி எல்லாம் சரியாகச் செய்து இம்ப்ளைடு 25, ரியலைஸ்டு 20 என்று வந்தால் ஸ்ட்ராடில் விற்றவருக்கு லாபம் வந்திருக்கும் என்று எண்ணுகிறோம் அல்லவா? டெல்டாவை, அதாவது நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பதை, ஃப்யூச்சரால் ஹெட்ஜ் செய்துகொண்டே வந்தவருக்குத்தான் அது ஓரளவாவது பொருந்தும். விற்றுவிட்டு எக்ஸ்பைரி வரை சும்மா உட்கார்ந்தவருக்குப் பொருந்தவே பொருந்தாது. அதே தேர்தல் வாரத்தையே ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

மே 31 குளோஸிங்கில் ஒருவர் ஜூன் 6 வியாழன் எக்ஸ்பைரி ஸ்ட்ராடில் விற்கிறார். ஸ்ட்ரைக் சரியாக 22,530-இல் இருப்பதாகவும் இம்ப்ளைடு 25 என்றும் வைப்போம். பிரீமியத்துக்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு: 0.8 × விலை × இம்ப்ளைடு × காலத்தின் வர்க்கமூலம். நான்கு வர்த்தக நாள் என்றால் காலம் 4/252. கணக்குப் போட்டால் சுமார் 568 புள்ளி. அந்த நான்கு நாளின் ரியலைஸ்டு 61. இருபத்தைந்துக்கு விற்று அறுபத்தொன்று செலவு. ஆள் காலி என்றுதானே நினைப்பீர்கள்?

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 22,821. ஸ்ட்ரைக்கிலிருந்து 291 புள்ளி தூரம். வாங்கியது 568, திருப்பிக் கொடுத்தது 291. சும்மா உட்கார்ந்தவருக்கு 277 புள்ளி லாபம்!

இப்போது தினமும் குளோஸிங்கில் ஃப்யூச்சர் வைத்து டெல்டாவைச் சமன் செய்தவரைப் பாருங்கள். திங்கள் சந்தை 733 புள்ளி ஏறியதும் அவருடைய ஸ்ட்ராடிலின் டெல்டா சுமார் 0.77-க்கு வந்துவிடுகிறது; அந்த அளவுக்கு 23,264-இல் ஃப்யூச்சர் வாங்குகிறார். செவ்வாய் 1,379 புள்ளி விழுகிறது, ஃப்யூச்சரில் 1,055 புள்ளி போகிறது. இப்போது டெல்டா எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வாங்கியதை விற்று, மேற்கொண்டு 0.8 அளவு 21,884-இல் ஷார்ட் போடுகிறார். புதன் 736 புள்ளி ஏறுகிறது, இன்னொரு 592 போகிறது. வியாழன் ஹெட்ஜில் 41 திரும்ப வருகிறது. ஹெட்ஜில் மொத்தம் 1,606 நஷ்டம், ஸ்ட்ராடிலில் 277 லாபம், நிகரம் 1,329 புள்ளி நஷ்டம்.

ஒரே ஸ்ட்ராடில், ஒரே வாரம், ஒருவருக்கு பிளஸ் 277, இன்னொருவருக்கு மைனஸ் 1,329. தேர்தல் வாரத்து ஆப்ஷனில் உண்மையான இம்ப்ளைடு 25-க்கு மேல்தான் இருந்திருக்கும். 40 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருந்தவருக்கு 617 லாபம், ஹெட்ஜ் செய்தவருக்கு 539 நஷ்டம். திசை மாறவில்லை.

இதிலிருந்து ஹெட்ஜ் செய்வது முட்டாள்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இருவரும் வேறு வேறு பந்தயம் கட்டியிருக்கிறார்கள். ஹெட்ஜ் செய்தவரின் பந்தயம் வழியைப் பற்றியது: ஒவ்வொரு நாள் அசைவின் வர்க்கமும் அவர் கணக்கில் செலவாக ஏறும். சந்தை ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும் அவருக்குச் செலவு செலவுதான். சும்மா இருந்தவரின் பந்தயம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி மட்டும். தினமும் ஒரே பக்கமாக அரை சதவீதம் நகரும் வாரத்தில் ரியலைஸ்டு 8-க்குக் கீழேதான் வரும், ஹெட்ஜ் செய்தவர் நிம்மதியாக இருப்பார். ஐந்து நாளில் இரண்டரை சதவீதம் தள்ளிப் போய்விட்டதே என்று சும்மா இருந்தவர் தலையில் கை வைப்பார்.

அந்த 277 லாபத்தையும் கையில் வாங்குவது எளிதாக இருந்திருக்காது. ஜூன் 4 அன்று இடையில் நிஃப்டி 21,281 வரை போனது, ஸ்ட்ரைக்கிலிருந்து 1,249 புள்ளி கீழே. அந்த நேரத்தில் மார்ஜினுக்கு மேற்கொண்டு பணம் வைக்க முடிந்தவருக்குத்தான் வியாழக்கிழமை என்று ஒன்று இருந்தது. (அந்த வாரம் நான் எதுவும் விற்கவில்லை. புத்திசாலித்தனம் இல்லை, வீட்டில் கல்யாணம்.) ஷீட்டில் இருக்கும் ரியலைஸ்டு எண்ணும் குளோஸிங் விலைகளிலிருந்து வருவது என்பதால் 21,281 அதில் தென்படவே தென்படாது.

ஹெட்ஜ் செய்பவருக்கும் ரியலைஸ்டு எண் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அசைவு எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும். ஸ்ட்ரைக் பக்கத்தில், எக்ஸ்பைரி நெருங்கும்போது 2 சதவீதம் நகர்ந்தால் டெல்டா மாறும் வேகமான காமா அதிகம், அடி பலம். சந்தை ஏற்கெனவே ஸ்ட்ரைக்கை விட்டு ஆயிரம் புள்ளி விலகிவிட்ட பிறகு அதே 2 சதவீதம் நகர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால் இம்ப்ளைடை விட ரியலைஸ்டு கொஞ்சம் குறைவாக வந்த மாதத்திலும் ஹெட்ஜ் செய்த ஸ்ட்ராடில் நஷ்டத்தில் முடிவது உண்டு. அப்புறம், ஒரே ஒரு லாட் விற்பவருக்கு 0.77 லாட் ஃப்யூச்சர் கிடைக்காது. ஒன்று முழுசாக ஹெட்ஜ், இல்லை என்றால் ஹெட்ஜே இல்லை. ஏழெட்டு லாட்டாவது போட்டால்தான் இந்த ஆட்டம் ஆட முடியும்.

அடுத்து G பத்தி எதற்கு என்று கேட்பீர்கள். F-இல் பத்து மாதம் பிளஸ், இரண்டு மாதம் மைனஸ் என்று எண்ணிப் பார்ப்பதில் பயன் இல்லை. நஷ்டம் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆகவே வர்க்கங்களின் வித்தியாசத்தின் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நல்ல மாதம் என்று இம்ப்ளைடு 15, ரியலைஸ்டு 12 வைத்துக்கொள்ளுங்கள். 225-லிருந்து 144 போனால் 81, ஆண்டுக் கணக்கில். ஒரு மாதத்துக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 6.75. இப்போது 2020 மார்ச் 23-ஐ எடுங்கள். நிஃப்டி ஒரே நாளில் 12.98 சதவீதம் விழுந்தது. லாக் கணக்கில் 13.9, அதன் வர்க்கம் 193. அந்த ஒரு நாள் 28 நல்ல மாதங்களின் சம்பாத்தியத்தை விழுங்குகிறது. மார்ச் நடுவில் புதிதாக விற்றவருக்கு இம்ப்ளைடு ஏற்கெனவே பல மடங்கு ஏறியிருந்தது, அவருக்குக் கூலி கொஞ்சம் கிடைத்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அமைதியான விலைக்கு ஒரு மாத ஸ்ட்ராடில் விற்று ஹெட்ஜ் செய்துவந்தவருடைய 21 நாளுக்குள் அந்தத் திங்கட்கிழமையும் வந்து விழுந்தது.

தேர்தல் மாதமும் அப்படித்தான். 20 நாள் ரியலைஸ்டு 29 என்றேனே, அந்த வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் ஜூன் 4 என்ற ஒரே நாள் பாதிக்கு மேல். இதனால்தான் பேக்டெஸ்ட்டின் தொடக்கத் தேதி முடிவையே மாற்றிவிடுகிறது. 2020 ஏப்ரலில் தொடங்கி ஒரு பேக்டெஸ்ட் காட்டினால் சந்தேகப்படுங்கள். பத்து வருட தினசரி டேட்டாவில் 2,500 வரிசை இருக்கிறதே என்றும் தெம்பு வேண்டாம். ஒவ்வொரு வரிசையும் அடுத்த 21 நாளைப் பார்ப்பதால் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் ஏறக்குறைய ஒரே மாதத்தைத்தான் திரும்பத் திரும்ப எண்ணுகின்றன. தனித்தனி மாதம் என்று பார்த்தால் 120 தான். அந்த 120-இல் கணக்கைத் தீர்மானிப்பவை நான்கைந்து மாதங்கள். அவற்றை எடுத்துவிட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை G-யின் சராசரியைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வரை, எட்ஜைப் பற்றிப் பேசுபவர் எவ்வளவு கவனமானவர் என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை.

செலவையும் புள்ளியில் வைத்துப் பாருங்கள். நிஃப்டி 24,000-இல் ஐந்து நாள் ஸ்ட்ராடிலில் 2 வோலட்டிலிட்டி புள்ளி என்பது சுமார் 54 நிஃப்டி புள்ளி. இரண்டு லெக்கிலும் வாங்க விற்க ஆகும் ஸ்ப்ரெட், தினசரி ஹெட்ஜில் ஃப்யூச்சர் செலவு, வரி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். மாத ஸ்ட்ராடில் என்றால் அதே 2 புள்ளிக்கு 110 வரை கிடைக்கும், ஆனால் ஹெட்ஜ் செய்யும் நாட்களும் நாலு மடங்கு.

நீங்கள் ஹெட்ஜ் செய்யாமல் விற்பவர் என்று உங்கள் கேள்வியிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ரியலைஸ்டு பத்தியையே நம்ப வேண்டாம், அது உங்கள் பந்தயம் அல்ல. அதற்குப் பதில் இன்னொரு பத்தி போடுங்கள். விற்ற அன்று ஸ்ட்ராடிலின் பிரீமியம் H-இல். அதிலிருந்து, எக்ஸ்பைரி அன்று நிஃப்டி ஸ்ட்ரைக்கிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நின்றது என்பதைக் கழித்தது I-இல். பக்கத்திலேயே, இடையில் சந்தை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போய்வந்தது என்று இன்ட்ராடே உச்சம், தாழ்வு விலைகளிலிருந்து J-இல். I-யின் சராசரி செலவு போகப் பிளஸ்ஸில் இருந்தால் எட்ஜ் உண்டு. J-யின் மிக மோசமான ஐந்து வாரங்களையும் உங்கள் மார்ஜின் தாங்கியிருக்குமா என்று அதற்கு அடுத்த பத்தியில் எழுதுங்கள். இம்ப்ளைடு 25 என்று மேலே போட்ட கணக்குப்படி, 2024 ஜூன் முதல் வாரத்துக்கு I-இல் பிளஸ் 277, J-இல் 1,249 என்று வரும்.